லைன் சார்ட்டுல தெரியாம போன 404 ரூபா

2023 கடைசில நடந்தது இது. ஒரு மிட்கேப் கம்பெனி ஷேர், 424 ரூபாக்கு 100 வாங்கினேன். வாங்குறதுக்கு முன்னாடி சார்ட் பாக்கத்தான் செஞ்சேன், மொபைல் ஆப் தொறந்ததும் தானா வந்து நிக்குமே ஒரு பச்சைக் கோடு, அத. மூணு மாசக் கோட்டுல விலை 412, 411, 413ன்னு மூணு தடவை கீழ வந்துட்டு மறுபடி மேல போயிருந்துச்சு. சரி, 411க்குக் கீழ இது போனதே இல்ல, ஒரு மூணு ரூபா இடம் விட்டு 408ல ஸ்டாப்லாஸ் வச்சா பத்திரம்னு நெனச்சு, விலை அங்க வந்தா தானா வித்துடுற ஜிடிடி ஆர்டர் போட்டு வச்சுட்டேன்.

ஆறாவது நாள் வேலையில இருக்கும்போது மெசேஜ் வந்துச்சு, 100 ஷேரும் 407.50க்கு வித்தாச்சுன்னு. 1,650 ரூபா நஷ்டம், சார்ஜஸ் தனி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆப்பத் தொறந்தா கோடு அன்னைக்கு 417ல நிக்குது. 408ங்கிற இடத்துக்குக் கோடு வரவே இல்ல. எனக்கு வந்த கோவத்துக்கு நேரா கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன், போகாத விலைக்கு எப்படிங்க என் ஷேர வித்தீங்கன்னு. அந்தப் பொண்ணு பொறுமையா சொன்னாங்க, "சார், அன்னைக்கு லோ 404.50. காலைல பத்து மணி வாக்குல போயிட்டு வந்துருக்கு. சார்ட்ட கேண்டிலுக்கு மாத்திப் பாருங்க சார்."

மாத்திப் பாத்தேன். அன்னைக்கு மட்டும் இல்ல, நான் 412, 411, 413ன்னு பாத்த அந்த மூணு பள்ளத்துலயும் கேண்டிலுக்குக் கீழ குச்சி நீட்டிட்டு நிக்குது. ஒண்ணு 405 வரைக்கும், இன்னொண்ணு 403 வரைக்கும், மூணாவது 406. அதாவது நான் ஸ்டாப்லாஸ் வச்ச 408ங்கிறது அந்த ஷேர் ஏற்கனவே மூணு தடவை போயிட்டு வந்த ஏரியாவுக்கு நடுவுல இருந்துருக்கு. கோட்டுல அது தெரியல, ஏன்னா லைன் சார்ட்டுங்கிறது ஒவ்வொரு நாளோட க்ளோஸ் விலைய மட்டும் எடுத்து ஒரு புள்ளி வச்சு, புள்ளியப் புள்ளியோட சேத்துப் போடுற கோடு, நடுவுல விலை எங்க போச்சு வந்துச்சுன்னு அதுக்கு எதுவும் தெரியாது. ஆனா ஸ்டாப்லாஸ் ஆர்டர் க்ளோஸ் வரைக்கும் காத்துட்டு இருக்காது, விலை ஒரு செகண்ட் அந்த இடத்தத் தொட்டாலும் அடிச்சுரும். நான் க்ளோஸப் பாத்து முடிவு பண்ணேன், ஆர்டர் லோவப் பாத்து வேலை செஞ்சுச்சு. இந்த ஒரு வித்தியாசம் புரிய எனக்கு 1,650 ரூபா ஆச்சு.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் ஆன்லைன் வர்றதுக்கு முன்னாடி இருந்தே ஷேர் பண்றவர். விஷயத்தச் சொன்னதும் எதுவும் பேசாம பீரோவுல இருந்து ஒரு பழைய கிராஃப் நோட்டு எடுத்துட்டு வந்தார். பேப்பர்ல வர்ற ரேட்டப் பாத்து தினமும் பென்சில்ல ஸ்கேல் வச்சுப் போட்ட கோடுங்க, பக்கம் பக்கமா. ஒவ்வொரு நாளுக்கும் நெட்டுக்குத்தா ஒரு குச்சி, குச்சியோட இடது பக்கம் ஒரு சின்ன கோடு, வலது பக்கம் ஒரு சின்ன கோடு. இதுதான் பார் சார்ட்.

"இங்க பாரு கண்ணு, குச்சியோட உச்சி அன்னைக்கு விலை போன அதிகபட்சம், அது ஹை. அடி வந்து லோ. இடது பக்கம் இருக்குறது காலைல ஆரம்பிச்ச விலை, ஓப்பன். வலது பக்கம் முடிஞ்ச விலை, க்ளோஸ். இடதுல இருந்து வலதுக்குப் படிக்கணும், காலைல இருந்து சாயங்காலத்துக்குப் போற மாதிரி"ன்னு சொன்னார். அவர் விரல வச்சுக் காட்டுன ஒரு குச்சில இடது கோடு கிட்டத்தட்ட உச்சில இருக்கு, வலது கோடு அடில இருக்கு, பாத்த உடனே காலைல வாங்குனவன் எல்லாம் சாயங்காலம் நஷ்டத்துல உக்காந்துருப்பான்னு தெரியுது. கோட்டுல இது எப்படித் தெரியும்.

கேண்டிலும் இதே நாலு நம்பர்தான், வேற எந்தத் தகவலும் கூட இல்ல. ஓப்பனுக்கும் க்ளோஸுக்கும் நடுவுல இருக்குற இடத்த ஒரு பெட்டியா தடிமனா போட்டு கலர் அடிச்சா அது பாடி. பாடிக்கு மேல ஹை வரைக்கும், கீழ லோ வரைக்கும் நீட்டிட்டு இருக்குற மெல்லிசு குச்சி விக். க்ளோஸ் ஓப்பன விட மேல இருந்தா பச்சை, கீழ இருந்தா சிவப்பு. பார்ல இடது வலதுன்னு கண்ண வச்சுத் தேட வேண்டியத கேண்டில் கலராவே சொல்லிருது, அதனாலதான் இன்னைக்கு எல்லாரும் கேண்டிலுக்குப் போயிட்டாங்க. ஒரே ஸ்க்ரீன்ல ரெண்டு வருஷத்த நெருக்கிப் பாக்கும்போது பாடிங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும், அப்போ பார் கொஞ்சம் சுத்தமா இருக்கும், மத்தபடி பழக்கம்தான். சித்தப்பாவுக்கு இன்னைக்கும் பார்தான் பிடிக்கும்.

இந்தக் கலர் விஷயத்துல நான் ரொம்ப நாள் தப்பா புரிஞ்சு வச்சிருந்தேன், பலபேர் இன்னும் அப்படித்தான் நெனச்சுட்டு இருக்காங்க. பச்சைன்னா அன்னைக்கு மார்க்கெட் ஏறுச்சு, சிவப்புன்னா இறங்குச்சுன்னு. இல்லவே இல்ல. 2024 ஜூன் 3 நிஃப்டி டெய்லி கேண்டில எடுத்துப் பாருங்க. லோக்சபா எலெக்‌ஷன் முடிஞ்சு ஜூன் 1 சனிக்கிழமை சாயங்காலம் எக்ஸிட் போல் வந்துச்சு, திங்கக்கிழமை மார்க்கெட் தாறுமாறா ஏறி தொறந்துச்சு. வெள்ளிக்கிழமை க்ளோஸ் சுமார் 22,531. திங்கக்கிழமை ஓப்பனே சுமார் 23,338. எடுத்த எடுப்புலயே 800 பாயிண்டுக்கு மேல கேப். அன்னைக்கு க்ளோஸ் 23,264. அதாவது முந்தைய நாள விட 733 பாயிண்ட் ஏத்தம், நியூஸ்ல எல்லாம் வரலாற்று உச்சம்னு ஓடுது, ஆனா கேண்டில் சிவப்பு. ஏன்னா கேண்டில் தன்னோட ஓப்பனையும் தன்னோட க்ளோஸையும்தான் ஒப்பிடும், நேத்து எங்க முடிஞ்சதுன்னு அதுக்குக் கவலை இல்ல. 23,338ல தொறந்து 23,264ல முடிஞ்சா சிவப்புதான். காலைல முதல் நிமிஷத்துல ஆசைப்பட்டு வாங்குனவன் சாயங்காலம் நஷ்டத்துல இருந்தான்னு அந்தச் சிவப்பு சொல்லுது, அது நிஜமும் கூட. ட்ரேடிங்வியூல செட்டிங்ஸ் போனா `Color bars based on previous close`ன்னு ஒரு டிக் இருக்கும், அதப் போட்டா முந்தைய க்ளோஸோட ஒப்பிட்டு கலர் மாறிரும். உங்க சார்ட்டும் நண்பரோட சார்ட்டும் ஒரே நாளுக்கு வேற வேற கலர் காட்டுனா முதல்ல இந்த டிக்கப் பாருங்க.

இப்போ அடுத்த நாள், ஜூன் 4, ரிசல்ட் வந்த நாள். இத நான் நிறைய பேருக்குப் பேப்பர்ல எழுதிக் காட்டிருக்கேன், ஒரு கேண்டில் எவ்ளோ நேரத்துக்குங்கிற டைம்ஃப்ரேம் மாறுனா படம் எப்படி மாறும்னு புரிய வைக்க இத விட நல்ல வாரம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. செவ்வாய்க்கிழமை ஓப்பன் சுமார் 23,180. அதுதான் அன்னைக்கு ஹையும், தொறந்த விலைக்கு மேல போகவே இல்ல. லோ சுமார் 21,281. க்ளோஸ் சுமார் 21,885. ஒரே நாள்ல மேல இருந்து கீழ கிட்டத்தட்ட 1,900 பாயிண்ட் வீச்சு. முந்தைய க்ளோஸ்ல இருந்து பாத்தா 1,379 பாயிண்ட் நஷ்டம், 6 பர்சண்ட் கிட்ட. டெய்லி கேண்டில்ல பாத்தா மேல விக்கே இல்லாத ஒரு பெரிய சிவப்புத் தூண், கீழ 600 பாயிண்டுக்கு ஒரு விக். பாக்கவே பயமா இருக்கும்.

டெய்லி லைன் சார்ட்டுல அதே நாள்? 23,264ல இருந்து 21,885க்கு ஒரு சரிவு. பெரிய சரிவுதான், ஆனா 21,281ன்னு ஒரு விலை வந்துட்டுப் போனதுக்கு அடையாளமே இல்ல. 21,500ல ஸ்டாப்லாஸ் வச்சிருந்தவன் ஒருத்தன் லைன் சார்ட்டப் பாத்தா, நான் கஸ்டமர் கேர்ல கேட்ட அதே கேள்வியத்தான் கேப்பான்.

இப்ப வீக்லிக்குப் போங்க. வீக்லி கேண்டில் எப்படி உருவாகுதுன்னு ஒரு தடவை கையால போட்டுப் பாத்துட்டா ஜென்மத்துக்கும் மறக்காது. வாரத்தோட ஓப்பன்னா திங்கக்கிழமை ஓப்பன், 23,338. வாரத்தோட க்ளோஸ்னா வெள்ளிக்கிழமை க்ளோஸ், ஜூன் 7, சுமார் 23,290. ஹைங்கிறது அஞ்சு நாள் ஹையில பெருசு, அது திங்கக்கிழமையோடது, 23,339 கிட்ட. லோங்கிறது அஞ்சு நாள் லோவுல சிறுசு, அது செவ்வாய்க்கிழமையோட 21,281. அவ்ளோதான், நடுவுல இருக்குற நாலு க்ளோஸும் நாலு ஓப்பனும் காணாம போயிரும். வர்ற கேண்டில் எப்படி இருக்கு? பாடி வெறும் 48 பாயிண்ட், ஒரு பட்டை மாதிரி உச்சில ஒட்டிட்டு இருக்கு, கீழ 2,000 பாயிண்டுக்கு நீளமா ஒரு விக். செவ்வாய்க்கிழமை மார்க்கெட்ட விட்டே ஓடணும்னு தோண வச்ச அதே சரிவு, வீக்லில விழுந்த இடத்துல இருந்து மொத்தமா வாங்கித் தூக்கிட்டாங்கன்னு சொல்ற கேண்டிலா மாறிருச்சு.

வீக்லி லைன் சார்ட் இன்னும் மோசம். போன வார க்ளோஸ் 22,531, இந்த வார க்ளோஸ் 23,290, ரெண்டையும் இணைச்சா மேல போற கோடு. அந்த வாரத்துல ஒரு சரிவு இருந்துச்சுங்கிறதே கோட்டுல கிடையாது! மந்த்லில பாத்தா ஜூன் மாசம் 23,338ல ஆரம்பிச்சு சுமார் 24,011ல முடிஞ்ச ஒரு பச்சைக் கேண்டில், கீழ நீளமா விக். இந்தப் படம் எல்லாமே ஒரே மார்க்கெட்டோடது, ஒண்ணும் பொய் இல்ல. எந்தப் படம் உங்களுதுங்கிறது நீங்க எவ்ளோ நாள் வச்சிருக்கப் போறீங்கங்கிறதப் பொறுத்தது. கடன் வாங்காம, ஆப்ஷன் இல்லாம, பத்து வருஷத்துக்குன்னு வச்சிருந்தவனுக்கு மந்த்லி படம் நிஜம். அன்னைக்கு மார்ஜின்ல பொசிஷன் வச்சிருந்தவனுக்கு அந்த விக்கோட அடிதான் நிஜம், வெள்ளிக்கிழமை திரும்பி வந்ததப் பாக்க அவன் பொசிஷன் உயிரோட இருந்துருக்காது.

விக்கப் பாத்துட்டு இன்னொரு தப்பும் பண்ணுவோம். ஒரு கேண்டில்ல ஹை முன்னாடி வந்துச்சா லோ முன்னாடி வந்துச்சான்னு கேண்டிலுக்குத் தெரியாது. 100ல தொறந்து, 106 போய், 97க்கு விழுந்து, 103ல முடிஞ்சாலும், முதல்ல 97 போய் அப்பறம் 106 ஏறி 103ல முடிஞ்சாலும் வர்றது ஒரே கேண்டில்தான். ஆனா 98ல ஸ்டாப்லாஸும் 105ல டார்கெட்டும் வச்சு 100க்கு வாங்குனவனுக்கு முதல் கதைல லாபம், ரெண்டாவது கதைல நஷ்டம். அதனால பழைய சார்ட்டப் பாத்து இங்க வாங்கிருந்தா இவ்ளோ வந்துருக்கும்னு கணக்குப் போடும்போது, ஒரே கேண்டிலுக்குள்ள ஸ்டாப்லாஸும் டார்கெட்டும் ரெண்டும் வந்துச்சுன்னா உள்ள போய் 15 நிமிஷம் இல்ல 5 நிமிஷ சார்ட்டப் பாக்காம எதையும் எழுதிக்காதீங்க.

நாலு நம்பர்ல ஓப்பனும் க்ளோஸும் எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கறதும் நல்லது. என்எஸ்ஈல ட்ரேடிங் 9:15ல இருந்து 3:30 வரைக்கும். ஆனா ஷேரோட ஓப்பன் 9:15க்கு முதல்ல வாங்குனவன் கொடுத்த விலைன்னு நெனச்சுறக் கூடாது. 9 மணில இருந்து ப்ரீ ஓப்பன் செஷன்ல எல்லாரோட ஆர்டரையும் வாங்கி வச்சு, எந்த விலைல அதிகமான ஷேர் கைமாறுமோ அந்த விலையக் கண்டுபிடிச்சு அதான் ஓப்பன்னு வைக்கிறாங்க. ராத்திரி வந்த நியூஸ் எல்லாம் அதுக்குள்ள அடங்கிருக்கும், அதனாலதான் கேப் விழுது.

க்ளோஸ் இன்னும் குழப்பும். எனக்கு ஒரு நாள் 5 நிமிஷ சார்ட்டோட கடைசி கேண்டில் 417.80ல முடிஞ்சிருக்கு, டெய்லி க்ளோஸ் 416.35ன்னு போட்டிருக்கு, டேட்டா தப்பா இருக்குன்னு ஒரு மணி நேரம் மண்டையப் பிச்சுக்கிட்டேன். தப்பு இல்ல. நான் பாத்த சமயத்துல இருந்த முறைப்படி என்எஸ்ஈல ஷேரோட அதிகாரப்பூர்வ க்ளோஸ்ங்கிறது கடைசியா நடந்த ட்ரேடோட விலை கிடையாது, 3 மணில இருந்து 3:30 வரைக்கும் நடந்த ட்ரேடுங்களோட வெயிட்டட் ஆவரேஜ், எந்த விலைல எவ்ளோ ஷேர் போச்சுங்கிறத வச்சுப் போடுற சராசரி. கடைசி நிமிஷத்துல விலை குபீர்னு ஏறுனா லாஸ்ட் ட்ரேட் மேல இருக்கும், க்ளோஸ் கீழ இருக்கும். சில ஆப் ரெண்டையும் தனித்தனியா காட்டும், சிலது ஒண்ணத்தான் காட்டும். அதனால ஒரு ரூபா ரெண்டு ரூபா வித்தியாசத்துல க்ளோஸ் இந்த லெவலுக்கு மேல வந்துச்சு வரலன்னு முடிவு எடுக்குறவங்க தங்களோட சார்ட் எந்தக் க்ளோஸப் போடுதுன்னு ஒரு நாள் உக்காந்து ஒப்பிட்டுப் பாத்துக்கணும்.

டைம்ஃப்ரேம்ல எனக்கு அடுத்து விழுந்த அடி, முடியாத கேண்டிலப் பாத்து வாங்கினது. 15 நிமிஷ சார்ட்டுல 9:45 கேண்டில், எட்டாவது நிமிஷம், அருமையான நீளப் பச்சை, முந்தைய ஹையத் தாண்டி நிக்குது. வாங்கிட்டேன். 10 மணிக்கு அந்தக் கேண்டில் முடியும்போது மேல நீளமா விக், பாடி சின்னதா சிவப்பு. நான் பாத்த பச்சைக்கேண்டில் சார்ட்டுல எங்கயுமே இல்ல, அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு யாருகிட்டயும் காட்டவும் முடியாது. ஓடிட்டு இருக்குற கேண்டில்ல க்ளோஸ்னு ஒண்ணு கிடையாது, இருக்குறது அந்த நிமிஷத்து விலை மட்டும்தான். வீக்லி சார்ட்டுல புதன்கிழமை தெரியுற கேண்டிலும் அப்படித்தான், பாதி வெந்த சோறு.

ஒரு சின்ன விஷயம், ஆனா நிறைய பேர் கவனிக்காதது. நம்ம மார்க்கெட் நேரம் மொத்தம் 375 நிமிஷம். 5 நிமிஷத்துக்குப் பிரிச்சா 75 கேண்டில், 15க்கு 25, சரியா வகுபடும். ஒரு மணி நேரத்துக்குப் பிரிச்சா 9:15ல இருந்து ஆறு முழு கேண்டில் வந்துட்டு, 3:15ல இருந்து 3:30 வரைக்கும் கால் மணி நேரக் கேண்டில் ஒண்ணு மிச்சம் நிக்கும். அந்தக் கடைசிக் கேண்டில் குட்டியா இருக்கறதப் பாத்து விலை அடங்கிருச்சுன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க, அதுக்குக் கிடைச்ச நேரமே அவ்ளோதான்.

லைன் சார்ட்ட நான் இப்பவும் தூக்கிப் போடல. பத்து வருஷத்த ஒரே பார்வைல பாக்க, இல்ல நிஃப்டியையும் ஒரு ஷேரையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு ஒப்பிட அதுதான் சுகம், கேண்டில் போட்டா கண்ணு குழம்பிரும். மியூச்சுவல் ஃபண்டுக்கு வேற வழியே கிடையாது, ஒரு யூனிட்டோட விலையான என்ஏவி ஒரு நாளுக்கு ஒரு நம்பர்தான் வருது, ஓப்பன் ஹை லோன்னு எதுவும் இல்லாததுக்கு கேண்டில் எங்க இருந்து வரும்.

ஆனா ஆர்டர் போடுறதுன்னா இப்ப என் வழக்கம் வேற. எவ்ளோ நாள் வச்சிருக்கப் போறேன்னு முதல்ல எழுதிருவேன். ரெண்டு மூணு வாரம்னா வீக்லில ஒரு பார்வை, டெய்லில முடிவு, அதுக்குக் கீழ போறதில்ல, 5 நிமிஷத்துக்குள்ள போனா ஒவ்வொரு சிவப்புக்கும் மனசு மாறுது. அப்பறம் டெய்லி கேண்டில்ல கடைசி மூணு நாலு பள்ளத்தோட லோவ, க்ளோஸ இல்ல, விக்கோட அடி நுனிய, விரல வச்சு அமுக்கி நம்பரப் படிச்சு நோட்டுல எழுதுவேன். ஸ்டாப்லாஸ் அதுல இருக்குற சின்ன நம்பருக்குக் கீழ. அப்படி வச்சா ஷேருக்கு நஷ்டம் கூடும், அதனால எண்ணிக்கையக் குறைக்கணும். அந்தப் பழைய ட்ரேடையே எடுத்துக்குங்க, லோ 403 இருந்துச்சு, ஸ்டாப்லாஸ் 401ன்னு வச்சிருந்தா ஒரு ஷேருக்கு 23 ரூபா ரிஸ்க். 1,600 ரூபாக்கு மேல இழக்க மனசில்லன்னா 100 இல்ல, 69 ஷேர்தான் வாங்கிருக்கணும்.

சித்தப்பாகிட்ட இந்தக் கணக்கப் போட்டுக் காட்டினேன். நோட்ட வாங்கிப் பாத்துட்டு பென்சில எடுத்து 403க்குப் பக்கத்துல அந்த லோ வந்த தேதிய எழுதினார், "தேதியும் போடு கண்ணு, அன்னைக்கு கம்பெனி ரிசல்ட்டா இல்ல சும்மா வந்த இறக்கமான்னு அப்பறம் திரும்பிப் பாக்கணும்ல"ன்னு சொல்லி நோட்டத் திருப்பிக் கொடுத்தார். அதுல இருந்து லோ பக்கத்துல தேதியும் எழுதிட்டு வர்றேன்.